தண்ணிப் பை

அறுப்புக் கூடத்தில் அவனுக்கு ஈரல்காரன் என்றுதான் பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசை, ஒரே வேலை. தோலுரித்து வயிறு கிழித்த ஆடு கொக்கியில் தலைகீழாக நகர்ந்து வந்து நிற்கும். இவன் முழங்கை வரை உள்ளே விட்டு, ஈரலையும் நுரையீரலையும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்து மேசையில் போடுவான். முதல் காரியம், பித்தப்பையைக் கிள்ளி எடுப்பது. அது உடைந்து பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் ஈரல் முழுக்கக் கசந்துபோகும். இத்தனை வருடத்தில் அவன் கையில் பித்தப்பை உடைந்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டாவது, தண்ணிப் பை. பத்துப் பதினைந்து ஆட்டுக்கு ஒன்றில் இருக்கும். கிழட்டு ஆடென்றால் கட்டாயம் இருக்கும். ஈரலின் மேலே வெள்ளையாகப் புடைத்து, அழுத்தினால் பந்து மாதிரி திமிறும். நுரையீரலிலும் கிடக்கும். கத்தி முனையால் ஒரு குத்து. சுனைத்தண்ணீர் மாதிரித் தெளிவாகப் பீய்ச்சிக்கொண்டு வரும், உள்ளே இருந்த சவ்வு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல வழுக்கி விழும். அந்தப் பக்கத்தை வெட்டித் தள்ளிவிட்டால் மீதி ஈரல் விற்கிற சரக்கு.

வெட்டித் தள்ளியதைக் கொட்ட ஒரு குழி உண்டு. கறிக்கு முத்திரை போட வருகிற கால்நடை டாக்டர், எல்லாவற்றையும் அதில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும் என்று வந்த நாளெல்லாம் சொல்வார். குழி கூடத்தின் மறுகோடியில் இருந்தது. அதன் இரும்பு மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பின்பக்கச் சுவரோ கை எட்டும் தூரத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் நாய்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அப்புறம் யார் குழிக்கு நடப்பார்கள்?

அவன் மனைவி துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். வாய் சும்மா இருக்காது. அவள் பக்கத்து மெஷினில் உட்கார எல்லாரும் போட்டி போடுவார்கள், சிரித்தே பொழுது போய்விடும் என்று. ஆறேழு மாதமாக வலது விலாவுக்குக் கீழே மேசை விளிம்பு அழுத்துகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேசையைக் குறை சொன்னாள், நாற்காலியைக் குறை சொன்னாள், கடைசியில் தன் தொப்பையைக் குறை சொன்னாள். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

"இங்க பாருங்க. தினம் ஈரலப் பிடிக்கிற கைதானே. என்னன்னு சொல்லுங்க."

அவன் கை சொன்னது. தோலுக்கு அடியில் உருண்டையாக, அழுத்தினால் திமிறுகிற ஒன்று. கை சொன்னதை அவன் வாய் சொல்லவில்லை. வாயுவாக இருக்கும் என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டரம்மா நரைத்த தலையும் குட்டை உருவமுமாக இருந்தார். எதைச் சொன்னாலும் மேசையில் விரலால் படம் போட்டுச் சொல்கிறவர். ஈரலில் தேங்காய் அளவுக்கு ஒன்று, வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று, இரண்டும் ஒரே புழுவின் வேலை என்றார். பை கட்டிய ஆட்டு ஈரலையோ நுரையீரலையோ பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அந்தப் புழு அரிசி நொய் அளவுக்குத்தான் இருக்குமாம். நாய்க்கு ஒன்றும் செய்யாதாம். அதன் முட்டை நாயின் மலத்தில் வந்து, ரோமத்தில், மண்ணில், தண்ணீரில் ஒட்டிக்கிடந்து, மனிதன் கை வழியாக வாய்க்குப் போகும். போனால் ஈரலில் தங்கும், அதைத் தாண்டினால் நுரையீரலில். அங்கே உட்கார்ந்து தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு விரற்கடை வளரும். சிலருக்கு அவ்வளவுகூட வளராது.

"வீட்ல நாய் வளத்தீங்களா? இப்ப இல்ல. பத்து, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி?"

மனைவி சிரித்தாள். "ஆமா, நொண்டின்னு ஒண்ணு இருந்துச்சு. இவர விட அதான் எங்கிட்ட பிரியமா இருந்துச்சு. என் பாய்லதான் தூங்கும்."

நொண்டி, கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் பின்னாலேயே வீடு வரை வந்த குட்டி. கல்யாணமான புதிது. அதற்கென்று தினமும் ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுவருவான், தண்ணிப் பை இருந்ததால் வெட்டித் தள்ளிய நுரையீரல். செத்து ஒன்பது வருடமாகிறது.

டாக்டரம்மா அவனைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டார். சொன்னான். அப்படியென்றால் உங்களுக்கு இது புரியும் என்று அவர் ஆரம்பித்தார். பையில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. அடியில் மணல் மாதிரி ஒன்று படிந்திருக்கும், அந்த மணலில் ஒவ்வொரு துகளும் ஒரு புழுவின் தலை. ஆயிரக்கணக்கில். தண்ணீர் வயிற்றுக்குள் சிந்தினால் ஒவ்வொரு தலையும் விழுந்த இடத்தில் ஒரு புதுப் பையாக முளைக்கலாம். அது பின்னால் வருகிற ஆபத்து. முன்னால் ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் உடம்புக்குப் பழகிப்போன விஷம், திடீரென்று சிந்தினால் உடம்பு வெறிபிடித்து எதிர்க்கும், மூச்சு அடைக்கும், ரத்த அழுத்தம் விழும், மேசையிலேயே உயிர் போகலாம்.

"பித்தப்பை உடைஞ்சா கறி கெட்டுப்போகும்ல? அத எவ்வளவு பாத்து எடுப்பீங்க? அத மாதிரி நூறு மடங்கு பாத்து நாங்க இத எடுக்கணும். சுத்தி உப்புத்தண்ணியில நனச்ச துணி அடுக்குவோம். உள்ள இருக்கிறத முதல்ல கொன்னுட்டு, ஒரு சொட்டு வெளிய விழாம உறிஞ்சுவோம். அப்புறம்தான் பைய உரிப்போம்."

எந்தப் பையை முதலில் எடுப்பது என்பதில்தான் அவனுக்குக் கோபம் வந்தது. நெஞ்சில் இருப்பதை முதலில் என்றார். மயக்கம் கொடுத்து மெஷினால் மூச்சு ஊதும்போது அது வெடித்துவிடக் கூடும். அது ஆறிய பிறகு புழு மாத்திரை, அப்புறம் ஈரல். நெஞ்சு அறுவைக்கு வரிசையில் ஒன்பது வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை கனம் தூக்கக் கூடாது, வயிற்றில் அடிபடக் கூடாது, யாரும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, யாரும் ஊசி போட்டுப் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஊசி என்கிற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டு அவன் கையில் கொடுத்தார். வேறு எங்கே போனாலும் முதலில் இந்தத் தாளைக் காட்டுங்கள் என்றார்.

"வலிக்கிற எடத்த விட்டுட்டு வலிக்காத எடத்த அறுக்கப் போறாளாம்," என்று மறுநாள் கூடத்தில் சொன்னான். தோலுரிக்கிற மீசை, கத்தியைத் தீட்டிக்கொண்டே, நம்மிடம் விட்டால் ஒரு குத்தில் முடிகிற வேலைக்கு ஒன்பது வாரம் வரிசையா என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஈரல்காரனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அன்றைக்கு வந்த முதல் தண்ணிப் பையைக் குத்தினான். ஈரல் காற்றுப்போன பந்து மாதிரித் தளர்ந்து மேசையில் படிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு இறுக்கமாக இருந்தது எவ்வளவு லேசாகிவிட்டது என்று தோன்றியது.

நாலாவது வாரம் அவளுக்கு வலி கூடியது. வேலைக்குப் போகவில்லை. வலது பக்கம் படுக்க முடியாது, இடது பக்கம் படுத்தால் உள்ளே எதுவோ தொங்கி இழுக்கிறது என்றாள். காய்ச்சலும் லேசாக வந்தது. கிண்டலடிக்கிற வாய் மூடிக்கொண்டதுதான் அவனை அதிகமாக உலுக்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பவும் சீட்டு, வரிசை, மாத்திரை, காத்திருங்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக் இருந்தது. சுறுசுறுப்பான இளம் டாக்டர், கூட்டம் எந்நேரமும். அங்கே அழைத்துப்போனான்.

இளம் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலைப் பார்த்தார், தன் சின்ன ஸ்கேன் மெஷினை வைத்துப் பார்த்தார். ஈரலில் பெரிதாகத் தண்ணீர் மாதிரி ஒன்று தெரிகிறது, சீழ்க் கட்டியாக இருக்கலாம் என்றார். இதற்கு முன்னால் எங்கேயாவது காட்டினீர்களா?

தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது. நான்காக மடித்தது. எடுக்கத்தான் கையைக் கொண்டுபோனான். எடுத்தால் இவரும் ஒன்பது வாரம் என்பார். கை அங்கேயே நின்றது.

"காட்டல சார். உள்ள தண்ணி கட்டியிருக்கு. ஊசி போட்டு எடுத்துட்டீங்கன்னா லேசாயிடும்."

அவள் கட்டிலிலிருந்து அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வலியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

இடத்தை மரக்கவைத்து நீள ஊசியை விலாவுக்குக் கீழே இறக்கினார். சீழ் என்றால் பழுப்பாக, கெட்டியாக வரும். சிரிஞ்சில் ஏறியது தெளிந்த தண்ணீர். ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது. ஈரல்காரனுக்கு அதைத் தெரியும். உலகத்தில் வேறு எவனுக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். இளம் டாக்டரின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "இது சீழ் இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊசியை வெளியே உருவினார். இறுகி நின்ற பையில் இப்போது ஒரு துளை இருந்தது, அதை அடைக்க ஊசியும் இல்லை.

அவள் உள்ளங்கையைச் சொறிந்தாள். அரிக்குது என்றாள். கழுத்திலும் மார்பிலும் சிவப்புத் தடிப்புகள் திட்டுத்திட்டாக எழும்பின. உதடு வீங்கியது. எதையோ சொல்ல வந்தாள், சொல்லுக்குப் பதில் விசில் மாதிரி மூச்சு வந்தது. அப்புறம் கண் மேலே போனது. அந்த இளம் டாக்டர் கெட்டவர் இல்லை. தொடையில் மருந்தை ஏற்றி, கால்களைத் தூக்கி வைத்து, மூச்சுக்கு மாஸ்க் போட்டு, இரண்டு கைக்கும் பாட்டில் மாட்டி, ஆம்புலன்ஸில் தானும் ஏறி வழியெல்லாம் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், யாரையும் பார்க்காமல், முன்னாலேயே எங்கேயாவது காட்டினீர்களா என்று மறுபடி கேட்டார். ஈரல்காரன் தாளை எடுத்து நீட்டினான். வண்டி குலுங்கியதில் படிக்க முடியவில்லை. இரண்டு கோடு மட்டும் தெரிந்தது.

உயிர் வந்துவிட்டது. நெஞ்சில் இருப்பது வெடிக்கலாம் என்று தெரிந்தே, வேறு வழியில்லாமல் டாக்டரம்மா அன்றைக்கே வயிற்றைத் திறந்தார். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் அவனைத் தனியாக ஒரு அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உட்காரச் சொன்னார். பை சுருங்கிக் கிடந்தது, தண்ணீரில் பாதி வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. பையை எடுத்துவிட்டோம், கழுவினோம், திரும்பத் திரும்பக் கழுவினோம். மணலை எண்ணிப் பொறுக்க முடியாது.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, தினமும் குத்துகிறவன்தானே டாக்டர், ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்றான்.

டாக்டரம்மா விரலால் மேசையில் எதையும் வரையவில்லை.

"நீங்க குத்தினதெல்லாம் செத்த ஆடு," என்றார்.

நெஞ்சில் இருந்ததை மூன்று மாதம் கழித்து எடுத்தார்கள். அது உடையாமல் முழுசாக வந்தது. டாக்டரம்மாவே வெளியே வந்து சொன்னார். ஈரலில் இருந்ததும் இப்படித்தான் வந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவன் காதில் விழுந்தது அதுதான். பிறகு மாத்திரை. மாதக் கணக்கில் காலையும் மாலையும், நடுவில் நிறுத்தி ரத்தப் பரிசோதனை, திரும்பவும் மாத்திரை. அவளுக்கு முடி கொஞ்சம் கொட்டியது. கம்பெனிக்குத் திரும்பப் போனாள். வயிற்றில் ஒரு தழும்பு, விலாவில் ஒரு தழும்பு, இரண்டுக்கும் பொத்தான் வைத்துவிட்டால் அடுத்த தடவை திறந்து மூட வசதி என்று மெஷின்காரிகளிடம் சொன்னாளாம். வலி இல்லை. ஒன்றரை வருடம் வலியே இல்லை. அவன்கூட நம்ப ஆரம்பித்துவிட்டான்.

ஒன்றரை வருடம் முடிந்து எடுத்த ஸ்கேனுக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. ஜெல்லைத் துடைக்காமலே ஸ்கேன்காரர் எழுந்துபோய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்கள். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வில், மண்ணீரலுக்குப் பக்கத்தில், அடிவயிற்றில் கர்ப்பப்பைக்குப் பின்னால். சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு. முப்பது வரை எண்ணிவிட்டு ஸ்கேன்காரர் நிறுத்திக்கொண்டார். திராட்சைக் கொத்தை வயிற்றுக்குள் உதறிவிட்ட மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. எடுக்கப் போனால் ஒன்று உடையும், உடைந்தால் நூறு. மாத்திரை நிற்காது. சில சுருங்கும், சில கேட்காது. எது பெரிதாகி எதை அடைக்கிறதோ, குடலையோ சிறுநீர்க் குழாயையோ, அதை மட்டும் அப்போது திறந்து எடுப்போம். மறுபடி மூடுவோம். எத்தனை தடவை என்று அவள் கேட்டாள். முடிகிறவரை என்றார். எத்தனை வருடம் என்று கேட்டாள். மெதுவாக வளர்கிற ஜாதி, சொல்ல முடியாது என்றார். அதை ஆறுதல் போலச் சொல்ல அவர் முயலவில்லை. அதற்காக ஈரல்காரனுக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

வெளியே மருந்துச் சீட்டு வாங்கும் வரிசையில் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் யாரோ கை துடைத்த கறை. ஒன்றரை வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை அவன் அங்கேதான் சொன்னான். தாள் அன்றைக்குச் சட்டைப் பையில் இருந்தது, காட்டாமல் விட்டது தெரிந்தேதான் என்றான். ஊசி வேண்டாம் என்று எழுதியிருந்ததை நான்கு வாரத்தில் பத்துத் தடவையாவது படித்திருந்தேன் என்றான். கத்தியால் குத்திக் குத்தி, குத்தினால் சரியாகிவிடும் என்று கைக்குப் பழகிவிட்டது என்றான்.

அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆட்டுக்குக் குத்துற மாதிரிதான் எனக்கும் குத்தச் சொன்னீங்க."

அவன் ஆமாம் என்றான்.

"ஆட்டுக்காவது அறுத்துட்டுத்தான் குத்துவீங்க."

அதைக் கேலியாகச் சொன்னாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்கவே இல்லை, பின்னால் எத்தனையோ நாள் யோசித்தும். நொண்டிக்கு நீங்கள் கொண்டுவந்ததை முதலில் எல்லாம் வேகவைத்துத்தான் போட்டேன் என்றாள். நீங்கள்தான் வேகவைத்துப் போடச் சொன்னீர்கள், பச்சையாகப் போட்டால் வாய் நாறும் என்று. அப்புறம் அடுப்பைப் பற்றவைக்கச் சோம்பல், பொட்டலத்தை அப்படியே பிரித்துக் கொட்டிவிடுவேன். வேகவைத்திருந்தால் புழு செத்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். செத்திருக்கும் என்றார்.

"எப்ப கேட்ட?"

"நெஞ்சு ஆபரேஷனுக்கு முன்னாடி. உங்ககிட்ட சொல்லிருந்தா, என் மேலயும் கொஞ்சம் பழி இருக்குன்னு நீங்க நிம்மதியா இருந்திருப்பீங்க. அதான் சொல்லல."

இப்போது ஏன் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் எண் வந்தது. எழுந்துபோய் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். பெரிய பை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றில் படாதபடி இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்திருந்தாள். அவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். கொடுக்கவில்லை.

கூடத்தில் அவன் வெட்டித் தள்ளியதை ஒரு வாளியில் சேர்த்துக் குழிக்குக் கொண்டுபோக ஆரம்பித்துப் பல மாதமாகிறது. மூடியை ஒற்றை ஆளாகக் கடப்பாரையால் நெம்பித் திறப்பான். மீசை முதலில் கிண்டலடித்தான், பிறகு விஷயம் தெரிந்து அடங்கினான். இரண்டு வாரம் அவனும் குழிக்குப் போனான். அப்புறம் சுவர்ப் பக்கமே வீச ஆரம்பித்துவிட்டான். கேட்டால், எனக்கு வீட்டில் நாய் இல்லையே என்றான். சுவருக்கு அந்தப் பக்கம் குடித்தனங்கள் இருந்தன, அந்த நாய்களுடன் பிள்ளைகள் விளையாடின. ஈரல்காரன் அங்கே போய் இரண்டு மூன்று வீடுகளில் சொல்லியும் பார்த்தான். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, பிள்ளையும் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அவளும் பத்துப் பதினைந்து வருடம் நன்றாகத்தான் இருந்தாள்.

ஸ்கேன் எடுத்த மறுநாளும் வேலைக்குப் போனான். ஆடுகள் வந்தன. கையை விட்டான், இழுத்தான், பித்தப்பையைக் கிள்ளினான். ஏழாவதோ எட்டாவதோ ஒரு கிழட்டு ஆடு. ஈரலில் முட்டை அளவுக்கு வெள்ளையாக ஒன்று புடைத்திருந்தது. இதை உடைக்காமல் சுற்றி வெட்டி, முழுசாக எடுத்து வாளியில் வைக்க வேண்டும் என்று நினைத்தான். அப்படித்தான் இத்தனை மாதமும் செய்துவந்தான்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே கத்தி முனை இறங்கிவிட்டது. கை தானாகப் போயிருந்தது. தண்ணீர் பீய்ச்சி அவன் மணிக்கட்டிலும் ரப்பர் அங்கியிலும் அடித்து, மேசை விளிம்பில் வழிந்து தரைக்குச் சொட்டியது. தெளிந்த தண்ணீர். ஈரல் தளர்ந்து மேசையில் படிந்தது.

அடுத்த ஆடு கொக்கியில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்து அதன் மேல் இடித்தது. என்னப்பா, வரிசை நிக்குது என்று மீசை குரல் கொடுத்தான். ஈரல்காரன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டான்.